படத்தில் இல்லாத வட்டத்தைப் பிடிப்பது எப்படி: ஒலிம்பியாட் கோணக் கணக்குகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரையில் ஞாயிற்றுக்கிழமை ஒலிம்பியாட் வகுப்புக்கு மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் பஸ் ஏறி வரும் பிள்ளைகளில் வட்டத் தேற்றங்கள் தெரியாதவர் யாரும் இல்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே வட்ட நாற்கரம் வந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பில் மாற்று வட்டத்துண்டுத் தேற்றமும் வந்துவிடுகிறது. ஆனால் கேள்வித்தாளில் வட்டம் வரையப்படாமல் இருந்தால் கை நின்றுவிடுகிறது. "சார், எல்லாக் கோணமும் எழுதிட்டேன், ஒண்ணும் வரமாட்டேங்குது" என்று தாளை நீட்டுவார்கள். தாள் முழுக்கக் கோணங்கள் இருக்கும். அவர்களே கண்டுபிடித்த வட்டம் ஒன்றுகூட இருக்காது.

சிக்கல் வரிசையில்தான். முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டிக் கழித்துக்கொண்டே போனால், கிடைப்பதெல்லாம் ஏற்கெனவே தெரிந்த கோணங்களின் வேறு வடிவங்களாகவே இருக்கும். ஒரு மூலையில் உள்ள கோணத்தைத் தூரத்தில் உள்ள இன்னொரு மூலைக்குக் கொண்டுபோவது வட்டம்தான். அதனால் முதலில் வட்டத்தைத் தேட வேண்டும், பிறகு கோணத்தை எழுத வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில் அமைந்தவை. பேப்பரும் பென்சிலும் வைத்துக்கொண்டு படியுங்கள். படத்தை நீங்களே வரைந்தால்தான் இது பயன்படும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நான்கு உண்மைகள் தயக்கமில்லாமல் வர வேண்டும். ஒரு நாணை, அதன் ஒரே பக்கத்தில் வட்டத்தின் மேல் உள்ள புள்ளிகளிலிருந்து பார்க்கும் கோணங்கள் சமம். வட்ட நாற்கரத்தின் எதிர்க் கோணங்களின் கூடுதல் 180°. அதன் வெளிக்கோணம் எதிரே உள்ள உட்கோணத்துக்குச் சமம். தொடுகோட்டுக்கும் நாணுக்கும் இடையே உள்ள கோணம் மாற்று வட்டத்துண்டில் உள்ள கோணத்துக்குச் சமம்.

இவற்றின் மறுதலைகளும் அதே அளவு பழகியிருக்க வேண்டும். பள்ளித் தேர்வில் வட்டத்தைக் கொடுத்துக் கோணத்தைக் கேட்பார்கள். ஒலிம்பியாடில் கோணத்திலிருந்து வட்டத்தை நாம் உண்டாக்க வேண்டியிருக்கும். மறுதலையை "அதுவும் உண்மைதானே" என்று கடந்து போனவர்கள்தான் பெரும்பாலும் இங்கே தடுமாறுகிறார்கள்.

கருவிகளில் கவராயம், அளவுகோல், மூலைமட்டம் போதும். கோணமானி சரிபார்க்க மட்டும்.

2. படத்தைப் பெரிதாக, சிறப்பில்லாத முக்கோணத்தோடு வரையுங்கள்

புதிதாக வருபவர் வரையும் முக்கோணம் அநேகமாக இருசமபக்கமாகவே வந்து விழும். கை அப்படிப் பழகியிருக்கிறது. அந்தப் படத்தில் சமமாகத் தெரியும் கோணங்களில் பாதி, முக்கோணம் சமச்சீராக இருப்பதால் வந்தவை. கேள்வியிலிருந்து வந்தவை எவை என்று அதில் பிரித்தறிய முடியாது.

நான் பரிந்துரைப்பது 13, 14, 15 பக்கங்கள் கொண்ட முக்கோணம். BC = 14 செ.மீ. கிடையாக வரையுங்கள். B-யிலிருந்து 5 செ.மீ. தள்ளி D-யைக் குறித்து, அங்கிருந்து 12 செ.மீ. செங்குத்தாக மேலே போனால் A. அப்போது AB = 13, AC = 15. ஏ4 தாளில் தாராளமாக இடம் இருக்கும். முக்கோணம் குறுங்கோண முக்கோணம். கோணங்கள் ஏறக்குறைய A = 59.5°, B = 67.4°, C = 53.1°.

இப்போது B-யிலிருந்து CA-க்குக் குத்துக்கோடு BE, C-யிலிருந்து AB-க்குக் குத்துக்கோடு CF வரையுங்கள். மூன்று குத்துக்கோடுகளும் வெட்டும் செங்கோட்டு மையம் H, D-க்கு நேர் மேலே 3.75 செ.மீ. உயரத்தில் வர வேண்டும். AE = 6.6 செ.மீ., AF ஏறக்குறைய 7.6 செ.மீ. இந்த அளவுகள் வரவில்லை என்றால் படத்தைத் திருத்திவிட்டு மேலே போங்கள். கோணலான படத்தில் உண்மையான வட்டம்கூடக் கண்ணுக்குத் தெரியாது.

இந்தப் படத்திலும் ஒரு கண்ணி உண்டு. A கோணம் 60°-க்கு மிக அருகில் இருப்பதால், சுற்றுவட்ட மையம் O-வைக் குறித்தால் B, H, O, C நான்கும் ஒரே வட்டத்தில் இருப்பதுபோலத் தோன்றும். ∠BHC = 180° − A, அதாவது 120.5°. ∠BOC = 2A, அதாவது 119°. ஒன்றரை பாகை வேறுபாட்டைப் பென்சில் கோடு விழுங்கிவிடும். A சரியாக 60° ஆனால்தான் அந்த வட்டம் உண்மை. படம் ஊகிக்க உதவும், ஆனால் ஊகத்தை எழுத்தில் சரிபார்த்த பிறகே நம்ப வேண்டும்.

3. மாறிகளைக் குறைவாக வையுங்கள்

x, y, z, p, q என்று கோணத்துக்கொரு எழுத்து வைப்பது வழக்கமான தவறு. முக்கோணத்தைத் தீர்மானிப்பவை இரண்டு கோணங்கள்தான். மூன்றாவது அவற்றிலிருந்து வந்துவிடும். ஆகவே A, B, C என்ற மூன்றையும் வைத்துக்கொண்டு, A + B + C = 180° என்பதை ஓரத்தில் எழுதிவிடுங்கள். புள்ளி ஒன்று சுதந்திரமாக நகரக்கூடியதாக இருந்தால் மட்டும் அதற்கென ஒரு புதிய எழுத்து.

மாறிகள் குறைவாக இருந்தால், இரண்டு கோணங்கள் சமமாக இருக்கும்போது இரண்டு இடத்திலும் ஒரே கோவை எழுதப்பட்டிருக்கும். ஓரிடத்தில் p என்றும் இன்னோரிடத்தில் x + z என்றும் எழுதினால், சமமான கோணங்கள் கண்ணெதிரே இருந்தும் பிடிபடாது.

4. செங்கோணங்கள் எல்லாவற்றையும் முதலில் வட்டமாக மாற்றுங்கள்

கேள்வியில் செங்குத்து என்ற சொல்லோ விட்டம் என்ற சொல்லோ வந்தால் அங்கே வட்டம் ஒளிந்திருக்கிறது. வேறு எந்தக் கோணத்தையும் தொடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

நம் படத்தில் ∠BEC = ∠BFC = 90°. இரண்டு புள்ளிகள் ஒரே துண்டு BC-யைச் செங்கோணத்தில் பார்க்கின்றன. ஆகவே B, C, E, F நான்கும் BC-யை விட்டமாகக் கொண்ட வட்டத்தில் உள்ளன. அடுத்து ∠AEH = ∠AFH = 90°. ஆகவே A, F, H, E நான்கும் AH-ஐ விட்டமாகக் கொண்ட வட்டத்தில் உள்ளன. மற்ற உச்சிகளுக்கும் இதையே செய்தால் மொத்தம் ஆறு வட்டங்கள்: BCEF, CAFD, ABDE, AFHE, BDHF, CEHD.

ஆறையும் கவராயத்தால் வரைந்தால் படம் அடைத்துப் போகும். தாளின் ஓரத்தில் நான்கெழுத்துப் பெயர்களாகப் பட்டியலிட்டு, பயன்படுத்தும் வட்டத்தை மட்டும் மெல்லிய கோட்டில் வரையுங்கள். நான்கு எழுத்துகளையும் வட்டத்தில் வரும் சுற்று வரிசையிலேயே எழுதுவது நல்ல பழக்கம். எது எதிர்க் கோணம், எது ஒரே நாணைப் பார்க்கும் கோணம் என்பதை அந்த வரிசையே சொல்லிவிடும்.

5. பட்டியலில் உள்ள வட்டங்களால் கோணங்களை நகர்த்துங்கள்

BCEF வட்டத்தை எடுங்கள். அதில் ∠AFE என்பது F-இல் உள்ள வெளிக்கோணம். எதிரே உள்ள உட்கோணம் C. ஆகவே ∠AFE = C. அதேபோல ∠AEF = B. AFE முக்கோணம் ABC-க்கு வடிவொத்தது, ஆனால் திருப்பிப் போட்டது. B பக்கத்தில் C கோணமும், C பக்கத்தில் B கோணமும் வந்து உட்காரும். பிள்ளைகள் இங்கே அடிக்கடி மாற்றி எழுதிவிடுகிறார்கள். F இருப்பது AB-யில் என்பதால் அங்கே B வரும் என்று கை எழுதிவிடும். EF, BC-க்கு இணை என்றால்தான் அப்படி வரும்.

இதேபோல ∠BFD = C, ∠BDF = A, ∠CDE = A, ∠CED = B. இந்த ஆறும் ஒலிம்பியாட் வடிவியலில் திரும்பத் திரும்ப வருபவை. ஒவ்வொரு முறையும் புதிதாக நிறுவலாம், ஆனால் தேடும்போது இவை மனப்பாடமாக இருக்க வேண்டும்.

பட்டியல் எழுதும்போது ஒவ்வொரு வரியிலும் காரணமான வட்டத்தைப் பக்கத்தில் எழுதுங்கள்: "∠AFE = C, BCEF". ஆர்.எம்.ஓ., ஐ.என்.எம்.ஓ. என்ற இந்திய ஒலிம்பியாட் தேர்வுகளின் விடைத்தாளில் காரணம் எழுதத்தான் வேண்டும். அதைவிட முக்கியமான இன்னொரு பயன் இருக்கிறது. நிறுவ வேண்டிய வட்டத்தையே காரணமாகப் பயன்படுத்திவிட்டோமா என்பது இந்தப் பக்கக்குறிப்பில் உடனே தெரிந்துவிடும். பக்கக்குறிப்பு இல்லாத தாளில் அந்தச் சுற்றுவாதம் கடைசி வரிவரை பிடிபடாமல் போகும்.

6. மறைந்த வட்டம் எங்கே இருக்கும்?

செங்கோண வட்டங்கள் எளிதில் கிடைப்பவை. மற்றவை மூன்று அடையாளங்களால் பிடிபடும்.

முதல் அடையாளம், ஒரே கோவை இரண்டு வேறு உச்சிகளில் எழுதப்பட்டிருப்பது. அப்போது கேட்க வேண்டிய கேள்வி: அந்த இரண்டு உச்சிகளும் ஒரே துண்டின் அதே இரண்டு முனைகளைத்தான் பார்க்கின்றனவா? பார்த்தால், துண்டின் ஒரே பக்கத்தில் இருக்கின்றனவா? இரண்டுக்கும் ஆம் என்றால் வட்டம் உறுதி. சமமாக இருந்தாலே வட்டம் வந்துவிடாது. ∠AFE, ∠BFD இரண்டும் C-தான். ஆனால் இரண்டும் F என்ற ஒரே உச்சியில் உள்ளவை. அவற்றிலிருந்து வட்டம் எதுவும் கிடைக்காது. துண்டின் எதிரெதிர்ப் பக்கங்களில் சமகோணங்கள் இருந்தாலும், அவை செங்கோணங்களாக இல்லாதவரை வட்டம் கிடையாது. அங்கே வேண்டியது சமம் அல்ல, கூடுதல் 180°.

இரண்டாம் அடையாளம், இரண்டு வட்டங்கள் பெயரில்லாத ஒரு புள்ளியில் வெட்டிக்கொள்வது. கேள்வி இரண்டு வட்டங்களைத் தந்து, அவை இரண்டும் ஒரு புள்ளி வழியே போகின்றன என்றால், அவற்றின் இன்னொரு வெட்டுப்புள்ளிக்கு உடனே பெயர் வையுங்கள். கேள்வியில் அந்தப் புள்ளி சொல்லப்படாமல் இருந்தால் இன்னும் நல்லது. பெரும்பாலும் கணக்கின் பூட்டு அங்கேதான் இருக்கும்.

மூன்றாம் அடையாளம், நிறுவச் சொன்னதிலேயே இருக்கும். இரண்டு நீளங்கள் சமம் என்று கேட்டால் அடிக்கோணங்கள் சமம் என்று படியுங்கள். மூன்று புள்ளிகள் ஒரே கோட்டில் என்று கேட்டால், நடுப்புள்ளியில் கோணங்களின் கூடுதல் 180° என்றோ, ஒரே புள்ளியில் ஒரே கோட்டுக்கு இரண்டு செங்குத்துகள் என்றோ படியுங்கள். அந்தக் கோணங்களை அடைய எந்த வட்டம் தேவை என்று பின்னோக்கி யோசித்தால், தேட வேண்டிய நான்கு புள்ளிகள் தெரியவரும்.

7. முழுதாக ஒரு கணக்கு

2013-இல் கொலம்பியாவின் சாந்தா மார்த்தாவில் நடந்த சர்வதேச கணித ஒலிம்பியாடின் நான்காவது கேள்வியை எடுத்துக்கொள்வோம். மூலத்தில் குத்துக்கோட்டு அடிகளுக்கு M, N என்று பெயர். நம் படத்துக்குப் பொருந்த E, F என்றே வைக்கிறேன்.

ABC குறுங்கோண முக்கோணம், H செங்கோட்டு மையம், E, F முறையே B, C-யிலிருந்து வரையும் குத்துக்கோடுகளின் அடிகள். BC-யின் மேல், முனைகள் அல்லாத ஏதோ ஒரு புள்ளி W. B, W, F வழியே செல்லும் வட்டத்தில் WX விட்டம். C, W, E வழியே செல்லும் வட்டத்தில் WY விட்டம். X, H, Y ஒரே கோட்டில் உள்ளன என்று நிறுவ வேண்டும்.

*படம்.* நம் முக்கோணத்தில் B-யிலிருந்து 8 செ.மீ. தூரத்தில் W-வை வையுங்கள். 10 செ.மீ. தூரத்தில் வைக்காதீர்கள். அப்போது AW = AB ஆகி, தேவையில்லாத சமச்சீர் வந்துவிடும். இப்போது WX விட்டம் என்பதால் ∠WBX = 90°. ஆக, X என்பது B-க்கு நேர் மேலே. கணக்கிட்டால் 2.5 செ.மீ. உயரம். Y என்பது C-க்கு நேர் மேலே 6 செ.மீ. உயரத்தில். X-க்கும் Y-க்கும் அளவுகோல் வைத்துப் பாருங்கள். D-க்கு மேலே 3.75 செ.மீ. உயரத்தில் உள்ள H வழியே கோடு போகும். படம் சரி.

*கேள்வியைப் படிப்பது.* விட்டம் என்ற சொல் இரண்டு முறை வந்திருக்கிறது. விட்டம் என்றால், அந்த வட்டத்தின் மேல் உள்ள எந்தப் புள்ளியிலும் செங்கோணம். ஆனால் எந்தப் புள்ளியில் அந்தச் செங்கோணத்தை எடுப்பது? B-யில் எடுத்தால் X-இன் இடம் தெரியும், Y-யோடு தொடர்பு வராது. F-இல் எடுத்தாலும் அப்படியே. இரண்டு வட்டங்களுக்கும் பொதுவான புள்ளியில் எடுத்தால்தான் X-உம் Y-யும் ஒன்றையொன்று சந்திக்கும். W-வில் எடுக்க முடியாது, அது விட்டத்தின் முனை. அப்படியானால் இன்னொரு வெட்டுப்புள்ளி. அதற்கு Z என்று பெயர் வைப்போம். இரண்டாம் அடையாளம் சொன்னதும் இதைத்தான்.

Z-இல் ∠WZX = 90°, ∠WZY = 90°. ஒரே கோடு WZ-க்கு Z-இல் இரண்டு செங்குத்துகள். ஆகவே X, Z, Y ஒரே கோட்டில். பாதிக் கணக்கு இங்கேயே முடிந்துவிட்டது. மீதி, H-உம் அதே செங்குத்தின் மேல் இருக்கிறது என்பது. அதாவது HZ, WZ-க்குச் செங்குத்து என்று காட்ட வேண்டும்.

*Z எங்கெல்லாம் இருக்கிறது?* BFZW வட்ட நாற்கரம், ஆகவே ∠FZW = 180° − B. CEZW வட்ட நாற்கரம், ஆகவே ∠EZW = 180° − C. Z-ஐச் சுற்றி மொத்தம் 360°. ஆகவே ∠FZE = 360° − (180° − B) − (180° − C) = B + C = 180° − A. A-இல் உள்ள கோணத்தோடு கூட்டினால் 180°. ஆக A, F, Z, E ஒரே வட்டத்தில் உள்ளன.

A, F, E வழியே செல்லும் வட்டம் புதியதல்ல. நான்காம் படியில் பட்டியலிட்ட AFHE-தான், AH அதன் விட்டம். இந்த இடத்தில்தான் பட்டியல் தன் வேலையைச் செய்கிறது. AH விட்டம் என்பதால் ∠AZH = 90°. பட்டியல் இல்லாதவர்கள் A, F, Z, E-யைக் கண்டுபிடித்த பிறகும் "இதை வைத்து என்ன செய்ய" என்று விட்டுவிடுவதை வகுப்பில் பார்க்கிறேன். வட்டத்தைப் பிடித்தால் போதாது. அதில் வேறு யார் இருக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும்.

*கடைசி இணைப்பு.* HZ, AZ-க்குச் செங்குத்து என்று கிடைத்திருக்கிறது. வேண்டியது WZ-க்குச் செங்குத்து. ஆகவே A, Z, W ஒரே கோட்டில் என்று காட்டினால் போதும். படத்தில் அளவுகோல் வைத்தால் அப்படித்தான் தெரிகிறது. நிறுவுவோம். A, F, Z, E வட்டத்தில் AF நாணைப் பார்த்தால் ∠AZF = ∠AEF. BCEF வட்டத்திலிருந்து ∠AEF = B. ஆகவே ∠AZF = B. முன்பே ∠FZW = 180° − B. இரண்டும் சேர்ந்து 180°. A, Z, W ஒரே கோடு.

ஆக X, Y, H மூன்றும் Z-இல் AW-க்கு வரையப்பட்ட ஒரே செங்குத்தின் மேல் உள்ளன. பயன்பட்ட வட்டங்கள் நான்கு. கேள்வியில் சொல்லப்பட்டவை இரண்டு, நாம் கண்டுபிடித்தவை BCEF, AFHE என்ற இரண்டு.

8. எழுதும்போது திசையை மாற்றுங்கள்

மேலே உள்ளது கண்டுபிடித்த வரிசை. அப்படியே விடைத்தாளில் எழுதினால் ஒரு ஓட்டை இருக்கும். Z முக்கோணத்துக்குள் இருக்கிறது என்று எங்கே நிறுவினோம்? Z-ஐச் சுற்றி 360° என்று கூட்டியது அதை நம்பித்தான். படத்தைப் பார்த்துச் சொன்னோம், அவ்வளவே.

இதைச் சரிசெய்ய எளிய வழி, Z-ஐ வேறு விதமாக வரையறுப்பது. "H-இலிருந்து AW-க்கு வரையும் செங்குத்தின் அடி Z என்க" என்று தொடங்குங்கள். W-உம் D-யும் வேறாக இருக்கும்போது, AZH, ADW என்ற செங்கோண முக்கோணங்கள் A-இல் பொதுக்கோணம் கொண்டு வடிவொத்தவை. ஆகவே AZ · AW = AH · AD. AH < AD ≤ AW என்பதால் Z, A-க்கும் W-க்கும் இடையே, முக்கோணத்துக்கு உள்ளே இருக்கிறது. ∠AZH = 90° என்பதால் Z, AFHE வட்டத்தின் மேல் உள்ளது. Z-உம் E-யும் AB-யின் ஒரே பக்கத்தில் இருப்பதால் ∠AZF = ∠AEF = B. ஆகவே ∠FZW = 180° − B, அதனால் B, F, Z, W ஒரே வட்டம். அதேபோல C, E, Z, W ஒரே வட்டம். பிறகு விட்டங்களால் ∠WZX = ∠WZY = 90°. முடிந்தது. Z எங்கே என்ற கேள்விக்கே இடமில்லை.

W-உம் D-யும் ஒன்றாகிவிட்டால்? அப்போது BWF வட்டமும் CWE வட்டமும் பட்டியலில் உள்ள BDHF, CEHD-தான். இரண்டும் H வழியே போகின்றன. ∠DHX = ∠DHY = 90°, அவ்வளவுதான். இந்த ஒரு வரியைத் தனியாக எழுதிவிடுங்கள்.

கண்டுபிடிக்கும்போது வட்டங்களின் வெட்டுப்புள்ளியாகப் பார்த்ததை, எழுதும்போது செங்குத்தின் அடியாகவோ ஒரு கோட்டின் மேல் உள்ள புள்ளியாகவோ வரையறுக்க முடியுமா என்று எப்போதும் பாருங்கள். பல கணக்குகளில் முடியும்.

9. படம் இரண்டு விதமாக வந்தால்

சில கேள்விகளில் இந்த வசதி இருக்காது. 2010-ஆம் ஆண்டு சர்வதேச ஒலிம்பியாடுக்கான தேர்வுப் பட்டியலின் முதல் வடிவியல் கேள்வி அப்படிப்பட்டது. நம் அதே படம். EF கோடு சுற்றுவட்டத்தை வெட்டும் புள்ளிகளில் ஒன்று P. BP-யும் DF-உம் வெட்டும் புள்ளி Q. AP = AQ என நிறுவ வேண்டும்.

P-க்கு இரண்டு இடங்கள் உண்டு. P, F-க்கு அப்பால் AB வில்லில் இருந்தால் ∠APB = 180° − C. Q, BP-யின் நீட்சியில் வரும், ஆகவே ∠APQ = C. குத்தெதிர்க் கோணத்தால் ∠AFQ = ∠BFD = C. F, P இரண்டும் AQ-வை ஒரே பக்கத்திலிருந்து ஒரே கோணத்தில் பார்க்கின்றன. A, F, P, Q ஒரே வட்டம். எதிர்க் கோணத்தால் ∠AQP = 180° − ∠AFP = ∠AFE = C. இருசமபக்க முக்கோணம், முடிந்தது.

P, E-க்கு அப்பால் AC வில்லில் இருந்தால் Q, FD துண்டின் மேல் வருகிறது. அப்போது ∠APQ = ∠APB = C, ஆனால் ∠AFQ = 180° − C. முன்பு சமமாக இருந்த இரு கோணங்கள் இப்போது கூடுதல் 180° ஆகின்றன. வட்டம் அதேதான், காரணம் மாறிவிட்டது. ∠AQP = ∠AFP = C என்று ஒரே நாணால் முடியும்.

இரண்டையும் எழுதினால்தான் நிரூபணம் முழுமை. ஒன்றை எழுதிவிட்டு "மற்றதும் இப்படியே" என்று விடுவது இங்கே செல்லாது, ஏனென்றால் மற்றது இப்படியே இல்லை. பழகியவர்கள் இரண்டையும் ஒன்றாக முடிக்கத் திசையுள்ள கோணத்தைப் பயன்படுத்துவார்கள். முதல் கோட்டை எதிர்க் கடிகாரத் திசையில் எவ்வளவு சுழற்றினால் இரண்டாம் கோட்டோடு பொருந்தும் என்பதே அந்தக் கோணம், 180°-ஐப் பூச்சியமாகக் கொள்வார்கள். அப்போது "சமம்", "கூடுதல் 180°" என்ற இரு நிபந்தனைகளும் ஒன்றாகிவிடும். ஆனால் அதில் கோணத்தைப் பாதியாக்கக் கூடாது. 180°-ஐப் பூச்சியம் என்றதும் பாதி என்பதற்கு இரண்டு மதிப்புகள் வந்துவிடும். கோண இருசமவெட்டி உள்ள கணக்கில் சாதாரணக் கோணமே பாதுகாப்பு. புதிதாகத் தொடங்குபவர் முதலில் இரண்டு படம் வரைந்து இரண்டு நிலையையும் தனித்தனியாக எழுதிப் பழகுவதே நல்லது என்பது என் கருத்து.

10. கோணம் மட்டும் போதாத இடங்கள்

நடுப்புள்ளி, நீளங்களின் விகிதம் இரண்டும் கோணத்துக்கு எளிதில் வசப்படாதவை. பட்டியல் நீண்டும் புதிய கோவை எதுவும் வராமல், நடுப்புள்ளியைத் தொடும் கோணம் மட்டும் வெற்றாக நின்றால், அது கோணங்களால் மட்டும் தீராது என்பதன் அறிகுறி. வடிவொத்த முக்கோணங்களுக்கோ புள்ளியின் திறனுக்கோ மாறுங்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. நடுப்புள்ளி ஒரு செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தின் மேல் இருந்தால், அது வட்டத்தின் மையம். மூன்று உச்சிகளுக்கும் சம தூரம், ஆகவே இருசமபக்க முக்கோணங்கள், ஆகவே கோணங்கள். BC-யின் நடுப்புள்ளியை M என்று குறியுங்கள். B-யிலிருந்து 7 செ.மீ. அது BCEF வட்டத்தின் மையம். MF, ME இரண்டும் AFHE வட்டத்துக்குத் தொடுகோடுகள் என நிறுவுங்கள். வேண்டியவை மூன்று: MF = MB என்பதால் ∠MFB = B, ஐந்தாம் படியின் ∠AFE = C, மாற்று வட்டத்துண்டுத் தேற்றத்தின் மறுதலை. F-இல் நேர்கோட்டுக்கு மீதி எவ்வளவு என்று கணக்கிட்டு, அது எந்தக் கோணத்துக்குச் சமம் என்று பாருங்கள்.